வெள்ளம், புயல், பஸ் ஸ்டிரைக்: வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளம் பிடிக்கலாமா?

வடகிழக்குப் பருவமழை முடிந்து அடுத்த சம்பளம் வரும்போதுதான் இந்தக் கேள்விகள் கிளம்புகின்றன. தமிழ்நாட்டில் தனியார் ஆலை, கடை, அலுவலகங்களில் வேலை செய்பவர்களை மனதில் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். படிக்கும்போது ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்களால் வேலை இடத்துக்குப் போக முடியாமல் போனதா, அல்லது முதலாளியால் அன்று வேலை தர முடியாமல் போனதா? இரண்டும் ஒரே மழையால் நடந்திருக்கலாம். ஆனால் சட்டம் இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது.

ரோடு முழுக்க இடுப்பளவு தண்ணீர். நான் வேண்டுமென்று லீவு போடவில்லை. அந்த நாளுக்குச் சம்பளம் பிடிப்பது சரியா?

கம்பெனி அன்று திறந்திருந்து, உங்கள் கணக்கில் லீவும் இல்லையென்றால், பிடிக்கலாம். கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-ன் 20-வது பிரிவு, வேலை செய்ய வேண்டிய இடத்தில் இல்லாத நேரத்துக்குச் சம்பளம் பிடிக்க முதலாளிக்கு அனுமதி தருகிறது. 1936-ம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தில் 9-வது பிரிவாக இருந்தது இதேதான். ஏன் வரவில்லை என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. கல்யாணத்துக்குப் போனவரும், மொட்டை மாடியில் படகுக்காகக் காத்திருந்தவரும் அதன் பார்வையில் ‘வராதவர்’தான். வெள்ளத்தில் சிக்கியவருக்குச் சம்பளத்தோடு தனி விடுப்பு தர வேண்டும் என்று தனியார் துறைக்குப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. இது பெரிய குறை என்றே நினைக்கிறேன். புயல் வருகிறது என்று நாலு நாள் முன்பே தெரிந்துவிடும் இந்தக் காலத்திலும், அதன் செலவு தனி ஆளின் தலையில்தான் விழுகிறது.

ஆனால் அதே பிரிவு எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்குக் கறாரான எல்லையும் போடுகிறது. பெரும்பாலான தகராறு அங்கேதான் வருகிறது. கீழே கணக்கோடு பார்ப்போம்.

அந்த நாளை சி.எல்.லில் கழிக்கச் சொன்னேன். ‘முன்கூட்டி அப்ளை பண்ணவில்லை, லாஸ் ஆஃப் பேதான்’ என்கிறார்கள். இது சரியா?

நீங்கள் கடையிலோ அலுவலகத்திலோ வேலை செய்பவர் என்றால், சரியில்லை என்று வாதாட நல்ல அடிப்படை இருக்கிறது. 1947-ம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 25-வது பிரிவு வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு தருகிறது. நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் அதை எடுக்கலாம். புயலை விட நியாயமான காரணம் வேறென்ன இருக்க முடியும்? தற்செயல் என்ற சொல்லே முன்கூட்டித் தெரியாததைத்தான் குறிக்கிறது. காலையில் போனில் தகவல் சொல்லிவிட்டு, திரும்பி வந்த அன்றே எழுதிக் கொடுத்தால் போதும்.

ஆலைத் தொழிலாளியின் நிலைமை கொஞ்சம் பலவீனமானது. அவருக்குச் சட்டம் தருவது, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் என்ற கணக்கில் சேரும் ஈட்டிய விடுப்பு. அது முன்கூட்டியே கேட்டு எடுக்க வேண்டிய விடுப்பு என்பதால் நிர்வாகம் மறுக்க இடம் இருக்கிறது. இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு தொழிற்சங்கம் போய்ப் பேசினால் பல ஆலைகள் இதைத்தான் முதலில் ஒத்துக்கொள்கின்றன. அவர்களுக்குக் கூடுதலாக எந்தச் செலவும் இல்லையே.

அரசே எங்கள் மாவட்டத்துக்குப் பொது விடுமுறை விட்டது. அப்புறமும் எப்படிப் பிடிக்கலாம்?

2023 டிசம்பர் 4-ம் தேதி, மிக்ஜாம் புயலின்போது, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு அரசு பொது விடுமுறை விட்டது. தனியார் நிறுவனங்கள் முடிந்தவரை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லலாம் என்று அறிவுறுத்தியது. அறிவுறுத்தல் என்பது கட்டளை அல்ல. இப்படிப்பட்ட பொது விடுமுறை அரசு அலுவலகங்களையும் வங்கிகளையும்தான் நேரடியாகக் கட்டுப்படுத்தும்.

தனியார் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கட்டாயம் தர வேண்டிய விடுமுறைகள் 1958-ம் ஆண்டு தமிழ்நாடு தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைச் சட்டத்தில் இருக்கின்றன: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூடவே ஐந்து பண்டிகை நாட்கள். புயல் நாள் அந்தப் பட்டியலில் வராது. பள்ளி, கல்லூரிகளுக்கு மட்டும் கலெக்டர் விடும் விடுமுறையை வைத்து அறவே வாதாட முடியாது.

ஆனால் அறிவிப்பின் வாசகத்தைத் தேடிப் படியுங்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் நிறுவனங்களை மூட வேண்டும் என்று உத்தரவே போட்டிருந்தால் கதை மாறிவிடும். அப்போது நீங்கள் வராமல் இல்லை, நிறுவனம்தான் திறக்கவில்லை.

தண்ணீரில் நடந்தே காலை ஷிஃப்டுக்கு கேட் வரை போய்விட்டேன். ஷெட்டுக்குள் தண்ணீர், இன்று வேலை இல்லை என்று செக்யூரிட்டி திருப்பி அனுப்பிவிட்டார். இதற்கும் சம்பளம் கிடையாதா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேட்டில் இருந்து பேசாமல் திரும்பி வந்து உரிமையை இழப்பவர்கள் அதிகம்.

இப்போது பிரச்சினை உங்கள் பக்கம் இல்லை. இயற்கைப் பேரிடரால் முதலாளி வேலை தர முடியாமல் போவதற்குச் சட்டத்தில் ‘லே-ஆஃப்’ என்று பெயர். தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்தது, இப்போது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. தொழிலாளர் பெயர்ப் பதிவேடான மஸ்டர் ரோலில் பெயர் உள்ள தொழிலாளி, சொன்ன நேரத்தில் வேலைக்கு வந்து நின்று, இரண்டு மணி நேரத்துக்குள் வேலை தரப்படவில்லை என்றால், அன்று அவர் லே-ஆஃப் செய்யப்பட்டவராகக் கருதப்படுவார். அந்த நாளுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி அவருக்கு வர வேண்டும். உதாரணத்துக்கு, மாத அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய், 26 வேலை நாள் என்றால், ஒரு நாளுக்கு 500. லே-ஆஃப் ஈடு 250 ரூபாய். ‘ஷிஃப்டின் இரண்டாம் பாதிக்கு வாருங்கள்’ என்று சொல்லி, அப்போது வேலையும் கொடுத்தால், அரை நாள் மட்டுமே லே-ஆஃப்.

இது கிடைக்க மூன்று நிபந்தனைகள் உண்டு. அது ஆலையாகவோ சுரங்கமாகவோ தோட்டமாகவோ இருக்க வேண்டும், குறைந்தது 50 தொழிலாளர்கள் இருக்க வேண்டும், உங்களுக்கு ஒரு வருடத் தொடர் சேவை இருக்க வேண்டும். பதிலி, கேஷுவல் தொழிலாளிகளுக்கு இது வராது.

பலருக்குத் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது. லே-ஆஃப் ஈடு வேண்டுமென்றால் அன்று ஒரு முறையாவது வேலை நேரத்தில் அங்கே போய் நின்றிருக்க வேண்டும். ஆலை மூடிக்கிடந்தது என்று பிறகு தெரிந்துகொண்டு, வீட்டில் இருந்தவர் கேட்டால், ‘நீ வரவே இல்லையே’ என்று மறுக்கலாம். ஆகவே கேட்டில் வருகையைப் பதியச் சொல்லுங்கள். பஞ்சிங் மிஷின் ஓடவில்லை என்றால், செக்யூரிட்டி நோட்டில் பெயரும் நேரமும் எழுதச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால், கேட் தெரிய ஒரு போட்டோ எடுத்து, அங்கிருந்தே சூப்பர்வைசருக்கு அனுப்பிவிடுங்கள். ‘யாரும் வர வேண்டாம்’ என்று நிர்வாகமே காலையில் மெசேஜ் அனுப்பியிருந்தால் அதை அழிக்காதீர்கள். தண்ணீரைக் கடந்து போய் நிற்க வேண்டிய அவசியத்தை நிர்வாகமே நீக்கிவிட்டது என்று வாதாட அதுதான் ஆதாரம்.

வேலை தொடங்கிய பிறகு தண்ணீர் ஏறி, 11 மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? நாள் கணக்கில் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட தொழிலாளிக்கு, வேலை குறைந்தது அவர் விருப்பமின்மையால் அல்ல, வேலை தரப்படாததால்தான் என்றால், முழு நாள் ஊதியம் சேர வேண்டும் என்பது ஊதியச் சட்டத் தொகுப்பின் பொது விதி.

எங்கள் கடையில் 12 பேர்தான். தண்ணீர் வடியும்வரை நாலு நாள் முதலாளியே மூடிவிட்டார். இந்த லே-ஆஃப் எங்களுக்குப் பொருந்தாது, ஒன்றும் தர வேண்டியதில்லை என்கிறார்.

லே-ஆஃப் ஈடு பொருந்தாது என்பது உண்மை. அதனால் ஒன்றுமே தர வேண்டியதில்லை என்பது சரியல்ல. லே-ஆஃப் என்பது முதலாளிக்குச் சட்டம் தரும் ஒரு சலுகையும்கூட. முழுச் சம்பளத்துக்குப் பதில் பாதியோடு அவர் தப்பிக்கிறார். 1976-ல் ஃபயர்ஸ்டோன் டயர் நிறுவனத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சட்டமோ, நிறுவனத்தின் பணி விதிகளான நிலையாணையோ, வேலை ஒப்பந்தமோ அதிகாரம் தராதவரை, சம்பளமில்லாமல் லே-ஆஃப் செய்யும் உரிமை முதலாளிக்கு இயல்பாகக் கிடையாது. ஆகவே உங்கள் வேலை ஆணையைப் பாருங்கள். அதில் அப்படி ஒரு வரி இல்லை, நீங்கள் வரத் தயாராக இருந்தீர்கள், கடைதான் திறக்கவில்லை என்றால், மாதச் சம்பளக்காரரான உங்களை ‘வராதவர்’ என்று காட்டி நாலு நாள் பிடிக்க முடியாது.

நடைமுறையில் சின்னக் கடைக்காரரும் அதே வெள்ளத்தில் சரக்கை இழந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றிரண்டு கூடுதலாக வேலை செய்து, அதற்கு வேறு நாள் ஓய்வு எடுத்துக்கொண்டு, சம்பளத்தை முழுதாக வாங்குவது என்று பேசி முடிப்பவர்கள் உண்டு. இரு பக்கமும் மனமொப்பிச் செய்தால் அது நல்ல வழிதான்.

நான் சனியும் திங்களும் வரவில்லை. ஆனால் நடுவில் இருந்த ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து மூன்று நாள் சம்பளம் பிடித்திருக்கிறார்கள். சாண்ட்விச் ரூல் என்கிறார்கள்.

சட்டத்தின் எல்லை இங்கேதான் உதவுகிறது. 20-வது பிரிவு சொல்வது ஒரு விகிதம். அந்த மாதத்தில் நீங்கள் வேலை செய்ய வேண்டிய மொத்த நாளில், வராத நாள் எத்தனை பங்கோ, சம்பளத்தில் அந்தப் பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது.

மாதச் சம்பளம் 18,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு போக, அந்த மாதம் வேலைக்கு வர வேண்டிய நாள் 26. வராதது 2. அப்படியானால் அதிகபட்சம் பிடிக்கக்கூடியது 18,200-ல் 26-ல் இரண்டு பங்கு, அதாவது 1,400 ரூபாய். ஞாயிறு நீங்கள் வேலைக்கு வர வேண்டிய நாளே இல்லை. ஆகவே அன்று ‘வராமல் இருப்பது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு நாளுக்கு 700 வீதம் மூன்று நாள் பிடித்தால் 2,100. 30-ஆல் வகுத்து மூன்று நாள் பிடித்தாலும் 1,820. இரண்டுமே 1,400-ஐத் தாண்டிவிடுகின்றன. சம்பளச் சீட்டை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலைதான்.

லீவுக் கணக்கில் சாண்ட்விச் ரூல் வைப்பது வேறு விஷயம். சம்பளத்தில் பிடிக்கும்போது கம்பெனி விதி இந்த விகிதத்தை மீற முடியாது.

சம்பளச் சீட்டில் இன்னொரு வரியையும் பாருங்கள். முழு வருகைக்கான ஊக்கத்தொகை ஆயிரம் ரூபாய் என்று இருந்து, ஒரு நாள் வராததால் அது முழுதாகப் போயிருக்கலாம். அந்தத் திட்டத்தின் எழுத்து விதியே அப்படி இருந்தால், அதைச் சம்பளப் பிடித்தம் என்று சொல்வது கடினம். பேரிடர் நாளுக்கு விலக்கு தரச் சொல்லி சங்கம் மூலமாகப் பேசலாம். ஒரு நாள் கூலியை விட இந்தத் தொகைதான் பல வீடுகளில் அதிகம் வலிக்கிறது.

பஸ் இல்லாமல் இரண்டு மணி நேரம் லேட். அரை நாள் கட்.

எட்டு மணி நேர வேலையில் இரண்டு மணி நேரம் என்றால், மேலே சொன்ன சம்பளத்தில் 175 ரூபாய். அரை நாள் 350. பிடித்தம் வராத நேரத்துக்கு மட்டும்தான், அந்த விகிதம் மணிக்கணக்குக்கும் பொருந்தும். மிச்சத் தொகையை அபராதம் என்று சொல்ல வேண்டுமென்றால், அதற்குத் தனி விதி உண்டு: அறிவிக்கப்பட்ட குற்றங்களுக்கு மட்டும், விளக்கம் கேட்ட பிறகு, அந்த மாத ஊதியத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகாமல்.

ஸ்டிரைக் செய்தது பஸ் ஊழியர்கள். எங்கள் ஆலையில் அன்று 40 பேர் வரவில்லை. கூட்டாக வராததால் எட்டு நாள் சம்பளம் பிடிப்போம் என்று போர்டில் ஒட்டியிருக்கிறார்கள்.

இந்த எட்டு நாள் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் பேசிவைத்துக்கொண்டு, நோட்டீஸ் இல்லாமல், நியாயமான காரணமும் இல்லாமல் வேலைக்கு வராவிட்டால், எட்டு நாள் வரை பிடிக்க 20-வது பிரிவிலேயே இடம் இருக்கிறது. மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும். 2018 ஜனவரியில் தமிழ்நாட்டில் அரசு பஸ் ஊழியர்கள் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது வேலைக்குப் போக முடியாமல் தவித்தவர்கள் யாரோடும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. பஸ் ஓடாதது நியாயமான காரணம் இல்லையென்றால் வேறு எது? உங்களுக்கும் அதேதான். வராத நாளுக்கு மட்டும் பிடிக்கலாம், எட்டு நாள் பிடிக்க முடியாது.

‘வேலை இல்லையேல் ஊதியம் இல்லை’ என்று வேலைநிறுத்தம் செய்தவர்கள் தொடர்பாக நீதிமன்றங்கள் சொன்னதை உங்கள் மேல் போடவும் விடாதீர்கள். ஸ்டிரைக் செய்தது நீங்கள் அல்ல. பதில் கடிதத்தில் ‘நாங்கள் எந்த வேலைநிறுத்தத்திலும் கலந்துகொள்ளவில்லை, போக்குவரத்து இல்லாததால் வர இயலவில்லை’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். ஒருவருக்காக இன்னொருவர் எழுதாமல், ஒவ்வொருவரும் தன் ஊரையும் தூரத்தையும் சொல்லித் தனித்தனியாக எழுதுவது நல்லது. அதுவே பேசிவைத்துக்கொண்டதல்ல என்பதைக் காட்டும்.

கம்பெனி பஸ்ஸுக்காக ஸ்டாப்பில் 5.40-க்கே நின்றேன். பஸ்தான் வரவில்லை.

சட்டப் பிரிவு ‘வேலை செய்ய வேண்டிய இடம்’ என்றுதான் சொல்கிறது, ஸ்டாப்பை அல்ல. ஆனாலும் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது, குறிப்பாக வேலை ஆணையிலோ ஒப்பந்தத்திலோ போக்குவரத்து நிர்வாகத்தின் பொறுப்பு என்று இருந்தால். தன் வாக்குறுதியை நிறைவேற்றாமல், அதன் விளைவை உங்கள் வருகையின்மை என்று கணக்கு வைப்பது நியாயமல்ல. அந்த நேரத்தில் டிரைவருக்கோ டிரான்ஸ்போர்ட் பொறுப்பாளருக்கோ போட்ட போன் பதிவை வைத்திருங்கள். அந்த ரூட்டில் ஏறும் எல்லோரும் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் அன்று ஆன்-டியூட்டி போட்டுத் தருகிறார்கள்.

வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். மதியத்துக்கு மேல் கரண்டும் நெட்டும் போய்விட்டது.

வீட்டிலிருந்து செய்யலாம் என்று நிர்வாகம் சொன்னபிறகு அன்று உங்கள் வேலை இடம் வீடுதான். லாகின் ஆகியிருந்த நேரம் முழுவதும் வேலை நேரம், அதற்கான சம்பளத்தைத் தொட முடியாது. கரண்ட் போன உடனே மொபைலில் இருந்து ஒரு மெசேஜ் அனுப்பி, மிச்ச நேரத்துக்கு வேண்டுமானால் அரை நாள் சி.எல். கேளுங்கள்.

நான் கான்ட்ராக்ட் ஆள். ஆலை மூடியதற்கு நான் ஏன் தர வேண்டும் என்கிறார் கான்ட்ராக்டர், நீ எங்கள் ஆளே இல்லை என்கிறது கம்பெனி.

சம்பளம் தர வேண்டியவர் கான்ட்ராக்டர். வேலை செய்த நாளுக்கான சம்பளத்தை அவர் தராவிட்டால், முதன்மை நிறுவனம் தர வேண்டும். மூடிய நாளுக்கு லே-ஆஃப் ஈடு கேட்பதானால், கான்ட்ராக்டரின் மஸ்டர் ரோலில் உங்கள் பெயரும் ஒரு வருடச் சேவையும் இருப்பதைக் காட்ட வேண்டியிருக்கும். அங்கேதான் பலருக்கு முட்டுக்கட்டை, ஏனென்றால் வருடா வருடம் கான்ட்ராக்டர் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். பழைய பி.எஃப். பதிவுகளை எடுத்து வையுங்கள். அதே ஆலையில் தொடர்ந்து வேலை செய்ததைக் காட்ட அவை உதவும்.

அன்று காலையில் என்ன செய்ய வேண்டும்? பிறகு பிடித்துவிட்டால் எங்கே போவது?

ஷிஃப்ட் தொடங்கும் முன்பு மெசேஜ் போய்விட வேண்டும். நீளமாக எழுதத் தேவையில்லை. ‘சார், முடிச்சூரில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பஸ் ஓடவில்லை. இன்று ஜெனரல் ஷிஃப்டுக்கு வர இயலவில்லை. தண்ணீர் வடிந்ததும் வருகிறேன். இன்றைய நாளை சி.எல். ஆக எடுத்துக்கொள்ளவும்.’ கூடவே தெருவின் ஒரு போட்டோ. அடுத்தடுத்த நாளும் போக முடியவில்லை என்றால் தினமும் அனுப்புங்கள். தகவல் இல்லாமல் எட்டுப் பத்து நாள் கழிந்தால், வேலையை விட்டுவிட்டார் என்று சொல்ல நிலையாணைகளில் இடம் இருக்கிறது. சம்பளம் பிடிப்பதை விட அது பெரிய ஆபத்து.

சம்பளம் குறைந்து வந்தால் முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தேதிக்கு, எந்தக் கணக்கில் பிடித்தீர்கள்? பாதி தகராறு இந்தக் கேள்வியிலேயே, ‘சிஸ்டம் தவறு’ என்று தீர்ந்துவிடும். தீராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பின் 45-வது பிரிவின் கீழ் மனு கொடுக்கலாம். நீங்களே கொடுக்கலாம், சங்கமும் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் 12 மாதமாக இருந்த கால வரம்பு இப்போது மூன்று வருடம். முன்பு மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் இந்த வழியில் போக முடியாது, இப்போது அந்த உச்சவரம்பு இல்லை. பிடித்த பணத்தோடு, அதைப் போலப் பத்து மடங்கு வரை நஷ்டஈடு தரச் சொல்லவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. தர வேண்டியதைத் தந்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டியது 59-வது பிரிவின்படி முதலாளியின் பொறுப்பு. நீங்கள் எடுத்துப் போக வேண்டியது அந்த மாத, அதற்கு முந்தைய மாதச் சம்பளச் சீட்டு, வேலை ஆணை, அன்று காலை அனுப்பிய அந்த மெசேஜின் பிரிண்ட்.